காத்துல ஓடற சார்ட்டிங் ஆர்ம்: மெகட்ரானிக்ஸ் லேப்ல முதல் தடவை செய்யறவங்களுக்கு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு லேப்ல பசங்களுக்கு நியூமேட்டிக்ஸ் சொல்லித் தர்றேன். பாதிப் பேர் பொள்ளாச்சி, வேலந்தாவளத்துல இருந்து வர்ற தமிழ்ப் பசங்க, மீதி சித்தூர் பக்கம். லேப்ல தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். வருசா வருசம் எல்லாரும் செய்யற ப்ராஜெக்ட் ஒண்ணு இருக்கு, பெல்ட்ல வர்ற கட்டைகள்ல இரும்பு உள்ளதை மட்டும் ஒரு ஆர்ம் ஓரமா ஒதுக்கித் தள்ளணும். பாக்க ஈசியாத்தான் தெரியும், ஆனா எல்லா பேட்ச்சும் ஒரே எடத்துல போய் முட்டிக்கறாங்க, ஆர்ம் ரொம்ப வேகமா அடிக்குதுன்னு பிரஷரை கொறைக்கறாங்க, அங்கிருந்துதான் எல்லாப் பிரச்சனையும் ஆரம்பிக்குது. அந்த எடத்தை நல்லா புரிஞ்சுக்கிட்டா மீதி வேலை தானா நடக்கும், அதனால அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதறேன்.

எங்க லேப்ல உள்ள செட்டப்பையே சொல்றேன், நீங்க உங்க அளவுக்கு மாத்திக்குங்க. பெல்ட் அகலம் 150 மிமீ. கட்டை 40 மிமீ சதுர மரக்கட்டை, பாதிக் கட்டைகள்ல ஒரு பக்கம் 1 மிமீ இரும்புத் தகடு ஒட்டியிருக்கு. பெல்ட் ஓரத்துல 200 மிமீ நீள அலுமினியப் பட்டை ஒண்ணு கீல் போட்டு நிக்குது, அதுதான் ஆர்ம். சும்மா இருக்கறப்ப பெல்ட்டுக்கு இணையா ஓரமா ஒதுங்கி நிக்கும், வேலை வந்தா 45 டிகிரி திரும்பி பெல்ட்டுக்கு குறுக்கே வந்து நிக்கும். கட்டை வந்து அதுமேல சாஞ்சு, பெல்ட்டே தள்ளித் தள்ளி ஓரமா கொண்டுபோய் டப்பாவுல விட்டுடும். இதை மனசுல வச்சுக்குங்க, ஆர்ம் கட்டையை அடிக்கக் கூடாது, வழியை மறிக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. அடிச்சுத் தள்ற மாதிரி செஞ்சா கட்டை உருண்டு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு எடத்துல விழும், டைமிங்கும் ரொம்ப துல்லியமா வேணும். மறிக்கற மாதிரி செஞ்சா ஆர்ம் கட்டைக்கு முன்னாடியே வந்து நின்னா போதும், கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் தப்பில்ல.

சிலிண்டரும் ஆர்மும்

16 மிமீ போர், 50 மிமீ ஸ்ட்ரோக், டபுள் ஆக்டிங் சிலிண்டர் போதும். ஆர்ம் கீல்ல இருந்து 65 மிமீ தள்ளி ராடை மாட்டுனீங்கன்னா 50 மிமீ ஸ்ட்ரோக்குக்கு ஆர்ம் கிட்டத்தட்ட 45 டிகிரி திரும்பும். இப்ப பலத்தை கணக்கு போடுங்க. 16 மிமீ போர்னா பிஸ்டன் பரப்பு 201 சதுர மிமீ, 4 பார்ங்கறது ஒரு சதுர மிமீக்கு 0.4 நியூட்டன், ஆக 80 நியூட்டன், அதாவது சுமாரா 8 கிலோ. ஆனா அது ராடுகிட்ட. ஆர்ம் நுனி கீல்ல இருந்து 200 மிமீ தள்ளி இருக்கறதால அங்க 80 × 65 / 200, அதாவது 26 நியூட்டன்தான் கிடைக்கும். பலம் மூணுல ஒரு பங்கா கொறையுதுன்னா வேகம் மூணு மடங்கா ஏறுதுன்னு அர்த்தம். ராட் சாதாரணமா போற மாதிரி தெரியும், நுனி மட்டும் சாட்டை மாதிரி வீசும். பசங்க பயப்படறது இதைப் பாத்துத்தான், பயப்படறதும் சரிதான், விரல் நடுவுல இருந்தா அடிபடும்.

சிலிண்டரை பிளேட்ல கெட்டியா போல்ட் போட்டு இறுக்கிடாதீங்க. ஆர்ம் திரும்பறப்ப ராடோட கோணமும் மாறும், அதனால சிலிண்டரோட பின்பக்கமும் ஒரு பின்ல ஆடணும், ராட் முனையும் ஒரு பின்ல ஆடணும். ஒரு பக்கம் இறுக்குனீங்கன்னா ராட் பக்கவாட்டுல அழுத்தம் வாங்கி சீல் தேஞ்சுடும், ரெண்டு மாசத்துல முன்பக்கம் காத்து கசிய ஆரம்பிச்சுடும். கைல ஆர்மை புடிச்சு முழுசா தள்ளியும் இழுத்தும் பாருங்க, எங்கயும் இறுகாம வழுக்கிட்டு போகணும். ட்யூப் மாட்டறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடணும், அப்புறம் பாத்தா எது காத்துப் பிரச்சனை எது மெக்கானிக்கல் பிரச்சனைன்னு பிரிக்கவே முடியாது.

கம்ப்ரஸர்ல இருந்து வால்வு வரைக்கும்

24 லிட்டர் டேங்க் உள்ள சின்ன ஆயில் ஃப்ரீ கம்ப்ரஸர் தாராளமா போதும். கம்ப்ரஸர், அடுத்து கையால மூடற பால் வால்வு, அடுத்து தண்ணி பிரிக்கற ஃபில்டரோட சேந்த ரெகுலேட்டர், அடுத்து சோலினாய்டு வால்வு, கடைசில சிலிண்டர். ரெகுலேட்டரை 4 பார்ல வைங்க. எங்க கம்ப்ரஸர் 8 பார்ல நின்னு 5.5 பார்ல திரும்ப ஓட ஆரம்பிக்கும். ரெகுலேட்டர் அந்த 5.5க்கு கீழயே இருந்தாத்தான் டேங்க் ஏறுனாலும் எறங்குனாலும் ஆர்முக்கு போற காத்து ஒரே மாதிரி இருக்கும்.

காத்து எவ்வளவு செலவாகும்னு பசங்க கேப்பாங்க. ஒரு தடவை போய்ட்டு வர சிலிண்டருக்கு வெளிக்காத்து கணக்குல 0.1 லிட்டர்கூட ஆகாது. ஆனா 4 மிமீ உள்விட்டம் உள்ள பி.யூ ட்யூப் ரெண்டு, ஒவ்வொண்ணும் 1 மீட்டர் விட்டீங்கன்னா, அந்த ட்யூப்பை நெப்பறதுக்கே இன்னொரு 0.1 லிட்டர் போயிடும். அதாவது பாதிக் காத்து ட்யூப்லயே வீணாகுது, ஆர்ம் கெளம்பறதும் அந்த அளவுக்கு லேட் ஆகும். அதனால வால்வை கண்ட்ரோல் பாக்ஸ் பக்கத்துல வைக்காம சிலிண்டர் பக்கத்துல வைங்க, ஒயர் எவ்வளவு நீளமா போனாலும் பரவால்ல.

வால்வு 5/2, ஒரே காயில், ஸ்ப்ரிங் ரிட்டர்ன், 24 வோல்ட் டிசி. உடம்புலயே நம்பர் போட்டிருக்கும், 1 காத்து உள்ள வர்றது, 2ம் 4ம் சிலிண்டருக்கு, 3ம் 5ம் வெளியேத்தறது. கரண்ட் இல்லாதப்ப 1ல வர்ற காத்து 2க்கு போகும், 4ல இருக்கறது 5 வழியா வெளிய போகும். அதனால 2ஐ ராட் பக்கத்துக்கும் 4ஐ பின்பக்கத்துக்கும் குடுங்க. அப்பத்தான் கரண்ட் போனா ஆர்ம் தானா ஓரம் ஒதுங்கிக்கும், பெல்ட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டிருக்காது. மாத்திக் குடுத்துட்டா கரண்ட் வந்தப்ப ஒதுங்கும், போனா குறுக்கே வரும், கேரளா மழைல நாளுக்கு நாலு தடவை கரண்ட் போறப்ப அது நல்லதில்ல.

ட்யூப்பை கத்திரிக்கோல்ல வெட்டாதீங்க, நசுங்கி சாய்வா வெட்டுப்படும், புஷ் ஃபிட்டிங் உள்ள ஓ-ரிங்ல சரியா உக்காராது. பிளேடுல நேரா வெட்டி, தட்டற வரைக்கும் உள்ள தள்ளி, ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு அப்புறம் காத்து விடுங்க. காத்து விட்டதும் எல்லா ஜாயிண்ட்லயும் சோப்புத் தண்ணி தடவுங்க. கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்குங்க, ட்யூப் கழண்டா பாம்பு மாதிரி துள்ளும்.

கரண்ட் பக்கம்

இதுல நீட்டி சொல்ல ஒண்ணுமில்ல. காயில் 3 வாட்னா 24 வோல்ட்ல 125 மில்லி ஆம்ப் இழுக்கும், ஆர்டினோ பின் அதைத் தாங்காது, நடுவுல மாஸ்ஃபெட் மாட்யூல் ஒண்ணு போடுங்க. காயிலுக்கு குறுக்கே 1 என் 4007 டயோடு, கோடு போட்ட முனை 24 வோல்ட் பக்கம். அதை மறந்தா காயில் ஆஃப் ஆகறப்ப ஒவ்வொரு தடவையும் பெரிய வோல்ட்டேஜ் திரும்பி அடிச்சு மாஸ்ஃபெட் சீக்கிரம் போயிடும். 24 வோல்ட் சப்ளையோட மைனஸும் ஆர்டினோ கிரவுண்டும் சேந்திருக்கணும்.

இரும்பு கண்டுபிடிக்க 18 மிமீ இண்டக்டிவ் சென்சார், 8 மிமீ தூரம் வரைக்கும் பிடிக்கற டைப், பெல்ட் ஓரத்துல தகடு பக்கமா வச்சு 4 மிமீ இடைவெளி விடுங்க. கட்டை தள்ளிப் போகாம இருக்க எதிர்ப்பக்கம் ஒரு ரெயில் வைக்கணும். அலுமினியத் தகடு ஒட்டுனா இந்தத் தூரம் பாதிக்கும் கீழ கொறஞ்சுடும், அப்ப சில கட்டையை பிடிக்கும் சிலதை விட்டுடும். சென்சார் 24 வோல்ட்ல ஓடறதால அதோட கருப்பு ஒயரை நேரா ஆர்டினோல குத்தாதீங்க, 24 வோல்ட் ஆப்டோ கப்ளர் மாட்யூல் வழியா விடுங்க.

ஒரு நாள் பூரா போன கதை

ரெண்டு வருசம் முன்னாடி நாலு பசங்க இதே ஆர்மை மாட்டி முடிச்சாங்க. முதல் தடவை 4 பார்ல ஓட்டினதும் நுனி "ப்பட்"னு வீசி ஓரத்துல இருந்த ரெயில்ல அடிச்சுது. பயந்துபோய் ரெகுலேட்டரை திருகி 1 பாருக்கு கொண்டு வந்துட்டாங்க. மத்தியானம் நான் போறப்ப ஒருத்தன் ஓடி வந்தான். "சாரே, வால்வு டிக்குனு சத்தம் வருது, லைட்டும் எரியுது, ஆனா ஆர்ம் அசையவே மாட்டேங்குது."

அதுக்குள்ள அவங்க டயோடை மாத்தி, மாஸ்ஃபெட்டை மாத்தி, பக்கத்து பெஞ்ச்ல இருந்த வால்வையே கழட்டி மாட்டிப் பாத்திருக்காங்க. எதுவும் வேலைக்கு ஆகல. நான் வால்வு மேல இருக்கற சின்ன ஆரஞ்சு பட்டனை ஸ்க்ரூ டிரைவர் நுனியால அமுக்கினேன், அது கரண்ட் இல்லாம கையால வால்வை மாத்தற பட்டன். அப்பவும் ஆர்ம் அசையல. அந்த ஒரு செகண்ட்லயே கரண்ட் பக்கம் தப்பு இல்லைங்கறது முடிவாயிடுச்சு, ஏன்னா அந்தப் பட்டனுக்கும் ஒயருக்கும் சம்பந்தமே இல்ல. ரெகுலேட்டரை மெல்ல ஏத்தினேன், ஊசி 1.5 தாண்டுன கொஞ்ச நேரத்துல ஆர்ம் அசைஞ்சுது.

காரணம் இதுதான். இந்த மாதிரி வால்வுல, உள்ள நகந்து காத்தோட வழியை மாத்தற ஸ்பூலை காயில் நேரா தள்றதில்ல. காயில் ஒரு சின்ன ஓட்டையைத்தான் திறக்குது, அது வழியா போற காத்துதான் உள்ள இருக்கற ஸ்பூலை ஸ்ப்ரிங்குக்கு எதிரா தள்ளுது. அதனால காத்துக்கே ஒரு குறைஞ்சபட்ச பலம் வேணும், பொதுவா 1.5 பார்கிட்ட இருக்கும், உங்க வால்வோட லேபிள்ல பிரஷர் ரேஞ்ச் போட்டிருப்பாங்க பாருங்க. அதுக்குக் கீழ போனா காயில் டிக்குனு அடிக்கும், லைட் எரியும், ஸ்பூல் மட்டும் எடத்தைவிட்டு நகராது. கையால அமுக்கற பட்டனும் அதே சின்ன ஓட்டையைத்தான் திறக்குது, அதனாலதான் அதுவும் வேலை செய்யல.

மெதுவா வேணும்னா எங்க திருகணும்

பிரஷரை கொறைச்சா ஆர்ம் மெதுவாகும்ங்கறது தப்பான நெனப்பு. கொறைச்சா பலம்தான் கொறையும், அப்புறம் சிலிண்டர் சீல் உரசலைத் தாண்டாம கொஞ்ச நேரம் நின்னு நின்னு திடீர்னு குதிக்கும். வேகத்தை கொறைக்க வெளிய போற காத்தை அடைக்கணும். சிலிண்டர் போர்ட்லயே மாட்டற ஃப்ளோ கண்ட்ரோல் ஃபிட்டிங் கிடைக்கும், மேல ஒரு திருகு இருக்கும், வாங்கறப்ப மீட்டர் அவுட் டைப்னு கேட்டு வாங்குங்க. அது உள்ள வர்ற காத்தை தடையில்லாம விடும், வெளிய போறதை மட்டும் நெருக்கும். அப்ப பிஸ்டனோட ஒரு பக்கம் தள்ற காத்து, இன்னொரு பக்கம் வெளிய போக முடியாம நெரிஞ்சு நிக்கற காத்து, ரெண்டுக்கும் நடுவுல பிஸ்டன் மெத்தைல உக்காந்த மாதிரி ஒரே சீரா போகும். உள்ள வர்றதை நெருக்கற மீட்டர் இன் டைப் மாட்டுனா எதிர்ப்பக்கம் காலியா இருக்கும், பிஸ்டனைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இருக்காது, இழுத்து இழுத்துத்தான் போகும்.

இங்க எல்லாரும் தப்புப் பண்ற ஒரு எடம் இருக்கு. ஆர்ம் வெளிய வர்ற வேகத்தை கொறைக்கணும்னா ராட் பக்கம் இருக்கற திருகைத்தான் திருகணும், ஏன்னா வெளிய வர்றப்ப காத்து வெளியேறுறது அந்தப் பக்கம்தான். பசங்க பின்பக்கத் திருகை இறுக்கிட்டு "மாறவே இல்லையே சார்"னு நிப்பாங்க, அது திரும்பி வர்ற வேகத்தை மாத்திக்கிட்டிருக்கும்.

ரெண்டு திருகையும் முழுசா மூடி, அரைச் சுத்து திறந்து ஆரம்பிங்க. ஃபோன்ல ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம்ல வீடியோ எடுங்க, காயில் கனெக்டர்ல இருக்கற லைட்டும் ஆர்ம் நுனியும் ஒரே படத்துல தெரியணும். லைட் எரிஞ்ச ஃப்ரேம்ல இருந்து நுனி நிக்கற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க, 72 ஃப்ரேம்னா 300 மில்லி செகண்ட். எங்க ஆர்மை அதுக்குத்தான் வச்சிருக்கோம், ரெயில்ல அடிக்காம வந்து நிக்குது. வந்ததும் லாக் நட்டை இறுக்கிடுங்க, ஏன்னா அடுத்து எழுதப்போற கோட்ல இந்த 300 உள்ள உக்காந்திருக்கு, யாராவது திருகைத் தொட்டா கோடும் தப்பாயிடும்.

டைமிங்

பெல்ட் வேகத்தை மோட்டார் லேபிளைப் பாத்து கணக்கு போடாதீங்க. பெல்ட் ஓரம் 300 மிமீ தூரத்துக்கு ரெண்டு சாக்பீஸ் கோடு போட்டு ஒரு கட்டையை விட்டு நேரம் பாருங்க. எங்களுக்கு 2 செகண்ட், அப்ப 150 மிமீ ஒரு செகண்டுக்கு. சென்சார்ல இருந்து கட்டை ஆர்மைத் தொடற எடம் 120 மிமீ, ஆக 800 மில்லி செகண்ட். ஆர்ம் வந்து நிக்க 300, அதுக்குமேல 100 கைல வச்சுக்கிட்டா, சென்சார் பிடிச்சு 400 மில்லி செகண்ட் கழிச்சு வால்வை ஆன் பண்ணணும். கட்டை ஆர்மைத் தொட்டு டப்பாவுல விழ 1200 ஆகுதுன்னு வீடியோவுல பாத்தோம், அதனால 2000ல வால்வை ஆஃப் பண்ணலாம், ஆக 1600 ஆன்ல இருக்கும். திரும்பிப் போக இன்னொரு 300.

```cpp
const int SENSOR = 2, VALVE = 8;
const int WAIT_MS = 400, HOLD_MS = 1600, BACK_MS = 300;

void setup() {
  pinMode(SENSOR, INPUT_PULLUP);
  pinMode(VALVE, OUTPUT);
  digitalWrite(VALVE, LOW);
}

void loop() {
  if (digitalRead(SENSOR) == LOW) {
    delay(WAIT_MS);
    digitalWrite(VALVE, HIGH);
    delay(HOLD_MS);
    digitalWrite(VALVE, LOW);
    delay(BACK_MS);
  }
}
```

`delay` ஓடறப்ப ஆர்டினோ சென்சாரைப் பாக்காது, அதனால 2300 மில்லி செகண்டுக்குள்ள அடுத்த இரும்புக் கட்டை வந்தா தப்பிச்சுப் போயிடும். 150 மிமீ வேகத்துல அது 345 மிமீ தூரம், அதனால கட்டைகளோட முன்பக்கத்துக்கு முன்பக்கம் 350 மிமீ விட்டு வைங்க. நிமிசத்துக்கு 25 கட்டை. எல்லாமே இரும்பா இருந்தாக்கூட 5 லிட்டர் காத்துதான் செலவு, டேங்க் 8ல இருந்து 5.5க்கு எறங்கறப்ப 60 லிட்டர் கிடைக்கும், ஆக கசிவு இல்லைன்னா கம்ப்ரஸர் 12 நிமிசத்துக்கு ஒரு தடவைதான் ஓடணும். இது கசிவு கண்டுபிடிக்கவும் உதவும், 6 நிமிசத்துக்கு ஒரு தடவை ஓடுச்சுன்னா பாதிக் காத்து எங்கயோ போயிட்டிருக்கு. இதைவிட நெருக்கமா கட்டை விடணும்னா `millis()` வச்சு வரிசை போட்டு எழுதணும், அதை இது ஓடுனதுக்கப்புறம் பண்ணுங்க.

காத்து விடற அந்த முதல் நிமிசம்

காத்து இல்லாதப்ப யாராவது ஆர்மை கையால வெளிய இழுத்து வச்சிருப்பாங்க. அப்படியே பால் வால்வை டக்குனு திறந்தா ராட் பக்கம் காத்து ஏறி ஆர்ம் ஓரத்துக்கு வீசும், பின்பக்கம் நெரிஞ்சு நிக்க காத்தே இல்லாததால ஃப்ளோ கண்ட்ரோல் திருகு அந்த ஒரு தடவை உதவாது. அதனால ஆர்மை ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, கையெல்லாம் வெளிய எடுத்துட்டு, பால் வால்வை மெதுவா, ஊசி ஏறறதைப் பாத்துக்கிட்டே திறங்க. எங்க லேப்ல காத்து திறக்கறவர் சத்தமா "காத்து"ன்னு சொல்லிட்டுத்தான் திறக்கணும், அதை நான் யாருக்காகவும் தளர்த்தினதில்ல.

ஆர்ம் சும்மா ஒதுங்கி நிக்கறப்பவே வால்வோட 5ம் நம்பர் வாய்ல இருந்து உஸ்ஸுன்னு சத்தம் வந்தா ஒண்ணு பிஸ்டன் சீல் போயிருக்கும், இல்ல வால்வு சீல் போயிருக்கும். அப்ப 4ல இருக்கற ட்யூப்பை கழட்டுங்க, அந்த நேரத்துல அதுல பிரஷர் இருக்கக் கூடாது. ட்யூப் முனைல காத்து வந்தா சிலிண்டர், வால்வு வாய்ல வந்தா வால்வு. அரை நிமிச வேலை, ரெண்டையும் கழட்டி மாட்டற பாடு மிச்சம்.

கடைசியா தண்ணி. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூன்ல இருந்து வர்ற காத்து ஈரத்தைச் சுமந்துட்டு வருது. 28 டிகிரில 80 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டருக்கு 22 கிராம்கிட்ட தண்ணி இருக்கும். நம்ம டேங்க் ஒரு தடவை நெறைஞ்சா அதுக்குள்ள 216 லிட்டர் வெளிக்காத்து அமுங்கி நிக்குது, ஆறுனதும் 4 கிராம் தண்ணி டேங்க் அடில நிக்கும். தினமும் வடிக்கலைன்னா அது ரெகுலேட்டரைத் தாண்டி வால்வுக்குள்ள போயிடும், காலைல முதல் ஸ்ட்ரோக் மட்டும் லேட்டா வந்து கட்டை தப்பிச்சுப் போச்சுன்னா ஸ்பூல்ல ஈரத்தோட பிசுபிசுப்பு சேந்திருக்கறதுதான் பெரும்பாலும் காரணம். சாயங்காலம் பிளக்கை எடுத்துட்டு, பால் வால்வை மூடி, வால்வு மேல இருக்கற ஆரஞ்சு பட்டனை நாலஞ்சு தடவை அமுக்கி லைன்ல மிச்சம் இருக்கற காத்தை முடிஞ்ச வரைக்கும் தீத்துட்டு, டேங்க் அடில இருக்கற வடிகால் திருகை கொஞ்சமா திறங்க. முதல்ல பழுப்பா தண்ணி துப்பும், அப்புறம் வெறும் காத்து மட்டும் வரும், அது வர்ற வரைக்கும் திறந்து வச்சிருந்து மூடுங்க.